டைப் 1 சர்க்கரையோடு விடுதிக்குப் போகிறவர்கள் அறைத்தோழியிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்

இந்த வாரம் ஒரு அம்மா இன்பாக்ஸில் கேட்டார். மகளுக்கு டைப் 1, கல்லூரி விடுதியில் சேர்க்கிறார்களாம். "கூட இருக்கிற பிள்ளைங்ககிட்ட இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்னு நினைக்கிறோம், பழகின அப்புறம் சொல்லிக்கட்டும்" என்றார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நானும் அப்படித்தான் போனேன். இரண்டாவது மாதமே அதற்கான விலையைக் கொடுத்தேன்.

எங்கள் தளத்தில் பத்துப் பதினைந்து பேருக்குப் பொதுவாக ஒரே ஃப்ரிட்ஜ். என் இன்சுலின் பேனாக்களை ஒரு சாதாரண பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, யார் கண்ணிலும் படக்கூடாதென்று மேல் தட்டின் பின்பக்கம் தள்ளி வைத்திருந்தேன். ஃப்ரீசரை ஒட்டிய, இருப்பதிலேயே குளிர் அதிகமான இடம் அது. ஒரு சனிக்கிழமை யாரோ தண்ணீர் சீக்கிரம் குளிரட்டும் என்று டயலைக் கடைசி எண்ணுக்குத் திருப்பியிருக்கிறார்கள். உள்ளே இன்சுலின் இருப்பது தெரியாதவர்களை என்ன சொல்வது?

ஞாயிறு இரவு பழைய பேனாக்கள் முடிந்துபோய், நீண்ட நேரம் வேலை செய்வது, சாப்பாட்டுக்குப் போடுவது இரண்டையும் அந்த டப்பாவிலிருந்து புதிதாக எடுத்தேன். எடுத்துக் கொஞ்ச நேரம் மேசையில் வைத்துவிட்டுப் போட்டேன். பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. திங்கள் காலை சர்க்கரை 246. சரி, இரவுச் சாப்பாட்டின் கணக்கு தப்பிவிட்டது என்று திருத்த டோஸ் போட்டேன். மதியம் 290. மறுபடி போட்டேன். மாலை நான்கு மணிக்கு 318, வயிறு பிரட்டல், எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் அடங்காத தாகம். இரண்டு முறை திருத்தியும் சர்க்கரை இறங்குவதற்குப் பதில் ஏறுகிறதென்றால், சாப்பாட்டைச் சந்தேகப்படுவதை நிறுத்திவிட்டு இன்சுலினைச் சந்தேகப்பட வேண்டும். எனக்கு அது தோன்ற மாலையாகிவிட்டது. இன்சுலின் போதாதபோது உடல் கொழுப்பை எரிப்பதால் ரத்தத்தில் சேரும் அமிலம்தான் கீட்டோன். அதை மீட்டரில் பார்த்தால் 1.7. கீட்டோன் 0.6க்குக் கீழே இருக்க வேண்டும். 1.5ஐத் தாண்டினால் உடனே மருத்துவரிடம் பேச வேண்டும், 3ஐத் தொட்டால் நேராக மருத்துவமனைக்குத்தான்.

ஓடிப்போய் டப்பாவைத் திறந்தேன். மீதியிருந்த பேனாவின் கண்ணாடிக் குழாய்க்குள் ஊசி ஊசியாகப் பனி. உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பழையபடி தெளிவாகத் தெரியலாம், ஆனால் அதன் வேலையை நம்ப முடியாது. தூக்கித்தான் போட வேண்டும். மருத்துவரிடம் போனில் பேசி, மருந்துக்கடையில் புதுப் பேனா வாங்கி, அவர் சொன்ன அளவு போட்டு, தண்ணீர் குடித்துக்கொண்டே மணிக்கொரு முறை பார்த்தேன். இரவு ஒன்பதரைக்குக் கீட்டோன் 0.5க்கு இறங்கியது. வாந்தி எடுக்க ஆரம்பித்திருந்தால், மூச்சு வேகமாக ஆழமாக வாங்கியிருந்தால், அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க நேரமே இருந்திருக்காது.

அன்றைக்குத்தான் அறைத்தோழியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "ஏண்டி, முன்னாடியே சொல்லியிருந்தா நானே அந்த டயலைப் பார்த்துக்கிட்டிருப்பேனே?"

இப்போது என் டப்பா நடுத்தட்டில், முன்பக்கமாக இருக்கிறது. மேலே பெரிய எழுத்தில் "மருந்து, உறையக்கூடாது, டயலைத் திருப்பாதீர்கள்" என்று ஒட்டியிருக்கிறேன். உள்ளே ஒரு சின்ன வெப்பமானி. 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. பிரிக்காத பேனாக்கள் மட்டும்தான் அங்கே. பயன்பாட்டில் இருக்கும் பேனா 30 டிகிரிக்குக் குறைவான இடத்தில், வெயில் படாமல் இருந்தால் பெரும்பாலான வகைகள் 28 நாள் தாங்கும். அதனால் அது என் மேசை டிராயரில். பிரிக்காததிலும் எல்லாவற்றையும் ஒரே ஃப்ரிட்ஜில் வைப்பதில்லை, ஒன்று வார்டன் அறை ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

சமையலும் அப்படித்தான், கூட இருப்பவர்களுக்குத் தெரிந்தால் பாதி சுலபம். விடுமுறை நாட்களில் சேர்ந்து சமைப்போம். அரிசியை வேகவைக்கும் முன்பு நிறுத்துவிடுவேன். 150 கிராம் அரிசி என்றால் சுமார் 118 கிராம் மாவுச்சத்து. வெந்த பிறகு மொத்தச் சோற்றையும் நிறுப்பேன். 420 கிராம் வந்தால், 100 கிராம் சோற்றில் 28 கிராம். தட்டில் 200 கிராம் போட்டால் 56. எனக்கு 10 கிராமுக்கு 1 யூனிட், ஆக ஐந்தரை யூனிட். (இது என் விகிதம், உங்களுடையதை உங்கள் மருத்துவர் சொல்வார்.) முதலில் இதைப் பார்த்து முழித்தவர்கள் இப்போது தராசை அவர்களே எடுத்து வைக்கிறார்கள். ஒன்றில் மட்டும் நான் பிடிவாதம்: தட்டு கைக்கு வரும்வரை ஊசி போட மாட்டேன். கால் மணி நேரம் முன்னால் போடுவது நல்லதுதான், ஆனால் மெஸ் வரிசையும் பொதுச் சமையலறை அடுப்பும் நம் சொல் கேட்காது. ஊசி உள்ளே போய்ச் சோறு வராமல் நிற்பது ரொம்ப ஆபத்து.

தாழ்சர்க்கரை இன்னும் வேகமாக வரும். ஒரு நாள் மாலை ஒன்றரை மணி நேரம் ஷட்டில் ஆடினேன். படுக்கும்போது 128, நல்ல எண்தானே என்று தூங்கிவிட்டேன். உடலுழைப்புக்குப் பிறகு பல மணி நேரம் உடல் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதை அந்த எண் மறக்க வைத்துவிட்டது. இரவு இரண்டரைக்கு நான் ஏதோ உளறியிருக்கிறேன். அறைத்தோழி விளக்கைப் போட்டுப் பார்த்தால் தலையணை வேர்வையில் நனைந்து கிடக்கிறது. என் விரலைக் குத்திப் பார்த்தாள்: 47. பழச்சாற்றை நீட்டினால் நான் கையைத் தட்டிவிட்டு அவளைத் திட்டினேனாம். எனக்கு ஒன்றும் நினைவில்லை. மூளைக்குச் சர்க்கரை குறையும்போது கோபமும் பிடிவாதமும் வரும் என்று அவளிடம் முன்பே சொல்லியிருந்ததால், அவள் கோபித்துக்கொண்டு போய்ப் படுக்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து வந்த அக்கா, "சுகர் இருக்கிறவளுக்கு இனிப்பு கொடுக்கலாமா?" என்று பதறியிருக்கிறார். "இப்பக் கொடுக்கலைன்னாத்தான்கா ஆபத்து" என்று இவள் 150 மில்லி குடிக்க வைத்தாள். பதினைந்து நிமிடம் கழித்து 61. இன்னொரு 150 மில்லி. அப்புறம் 84. பிறகு நான்கு பிஸ்கட்.

தாழ்சர்க்கரைக்குச் சாக்லேட் ஏன் ஆகாதென்பதும் அவளுக்குத் தெரியும். அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்திவிடும்.

அன்று எனக்கு விழுங்க முடிந்தது. முடியாமல் போயிருந்தால் என்ன செய்வதென்று டிராயரின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன். சுயநினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, சர்க்கரையை ஏற்றும் மருந்தான குளூக்ககான் கொடுத்து, ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். குளூக்ககான் போட்ட பின் வாந்தி வரலாம் என்பதற்காகவும்தான் அந்த ஒருக்களிப்பு. எந்த நிலையிலும் இன்சுலின் மட்டும் போடக்கூடாது. பதற்றத்தில் பேனாவைக் கண்டால் கை அதற்குத்தான் போகும்.

இந்த வருடம் அறை மாறியிருக்கிறேன். புதிதாக வந்தவளுக்கு இன்னும் என் ஊர்கூடத் தெரியாது. ஆனால் எந்த டிராயரில் குளூக்ககான் இருக்கிறது, அந்தப் பெட்டியை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று வந்த அன்றே காட்டிவிட்டேன். காலாவதியான பழைய ஒன்றை அவள் கையில் கொடுத்துப் பிரித்துக் கலக்கவும் வைத்தேன்.