வாடகை அக்ரிமெண்ட் எந்த மாசம் முடியுதுன்னு பாத்தீங்களா?

வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவுன்னு மணிக்கணக்கா பேசுற நாம, அக்ரிமெண்ட் முடியுற தேதிய மட்டும் யோசிக்கிறதே இல்ல. ஆள் எப்ப குடிவர்றாரோ அன்னைலேருந்து 12 மாசம்னு எழுதி கையெழுத்து வாங்கிடுறோம், வீடு காலியா கெடக்கறதுக்கு பாதி காரணமே இதுதான்னு நான் அனுபவப்பட்டு சொல்றேன்.

என் வீட்டுல இருந்தவங்க நவம்பர் 30 காலி பண்ணாங்க. டிசம்பர்ல போன் வர்றதே அபூர்வம், நடுவருஷத்துல பிள்ளைங்களோட ஸ்கூல விட்டுட்டு யாரு வீடு மாறுவா? ரெண்டு மாசம் சும்மா கெடந்து பிப்ரவரி 1 தான் ஆள் வந்தாங்க. வந்த சந்தோஷத்துல 12 மாசம் போட்டேன், அது ஜனவரி 31 முடிஞ்சுது, அதாவது மறுபடி அதே டல் சீசன். அவங்க போனதும் இன்னொரு ஒன்றரை மாசம் காலி. ரெண்டும் சேத்து மூன்றரை மாச வாடகை போச்சு. டல் மாசத்துல ஆரம்பிக்கிற 12 மாச அக்ரிமெண்ட் டல் மாசத்துலயேதான் முடியும், நாமளா உடைக்காத வரைக்கும் அது சுத்திக்கிட்டே இருக்கும்.

ஒரு மாசம் காலின்னா வருஷ வருமானத்துல 8 சதவீதத்துக்கு மேல போயிடுது. அத வாடகைய ஏத்தி ஈடு கட்டணும்னா மிச்சம் 11 மாசத்துக்கும் 9 சதவீதம் ஏத்தணும், எவன் தருவான்?

அதனால மார்ச் 15 அடுத்த குடும்பம் வந்தப்ப 14 மாசம் போட்டேன், மே 14 முடியுற மாதிரி. எனக்கு மே, ஜூன், ஜூலை சீசன், உங்களுக்கு வேற மாசமா இருக்கலாம். பழைய டைரிய எடுத்து, ஒவ்வொரு தடவையும் எப்ப காலியாச்சு, எப்ப மொத ஆள் பாக்க வந்தாங்க, எப்ப வாடகை ஆரம்பிச்சுதுன்னு எழுதிப் பாருங்க, தெரிஞ்சிடும். அக்ரிமெண்ட் முடியுற தேதிய சீசன் கடைசில போடாம ஆரம்பத்துல போடுங்க, ஏன்னா பெயிண்ட், பிளம்பிங்னு பத்து நாள் ஓடிடும், ஆள் வர லேட்டானாலும் நாம சீசனுக்குள்ளயே இருப்போம்.

குடிவந்த தம்பி கேட்டார், "ஏன் சார் 14 மாசம், எல்லாரும் 12 தானே போடுவாங்க?" நான் ஒளிக்காம சொன்னேன், "டல் டைம்ல வீடு காலியானா எனக்கு கஷ்டம் தம்பி, அதுக்காக வாடகைல 2 சதவீதம் கொறச்சுக்கறேன்." அவர் கொஞ்சம் யோசிச்சுட்டு, "எங்களுக்கும் பிள்ளைங்க பரீட்சை முடிஞ்சாதான் சார் மாற முடியும், இதுவே வசதி"ன்னுட்டார். 14 மாசத்துக்கு 2 சதவீதம்னா மொத்தம் எட்டு நாள் வாடகைதான். அவங்க மே 14 போனாங்க, ஜூன் 1 அடுத்த குடும்பம் வந்துட்டாங்க. 17 நாள் காலி, அதுக்கு முன்னாடி தடவ 42. குறைச்ச எட்டு நாள கழிச்சாலும் 17 நாள் லாபம், இனிமே 12 மாசம் போட்டாலே மே 31க்கு தானா வந்து நிக்கும்.

ஆனா ஒண்ணு, அக்ரிமெண்ட்ல "ஒரு மாச நோட்டீஸ் குடுத்து எப்ப வேணா காலி பண்ணலாம்"னு இருந்தா நீங்க போட்ட தேதி வெறும் பேப்பர்ல இருக்கற தேதிதான். டல் மாசங்களுக்கு மட்டும் நோட்டீஸ ரெண்டு மாசமா கேட்டுப் பாக்கலாம். அதுக்குன்னு நியாயமான காரணத்தோட போறவங்கள புடிச்சு வைக்கக் கூடாது, சில ஊர் சட்டமும் விடாது. ஒரு வருஷத்துக்கு மேல போட்டா பதிவு பண்ணணும்ங்கற விதி சில இடத்துல உண்டு, அந்த செலவையும் கணக்குல சேத்துக்கங்க, பெருசா இருந்தா நீட்டாம குறைச்சுப் போடுங்க, பிப்ரவரில வர்றவங்களுக்கு நாலு மாசம் போட்டுட்டு மே கடைசில 12 மாசத்துக்கு புதுப்பிக்கலாம்.

11 மாச அக்ரிமெண்ட் போடுறவங்க இன்னும் கவனமா இருக்கணும். மே 31 முடியுறது அடுத்து ஏப்ரல் 30, அப்புறம் மார்ச், பிப்ரவரின்னு வருஷா வருஷம் பின்னாடி நகந்து நாலாவது தடவ ஜனவரி 31ல வந்து நிக்கும், யாரும் கவனிக்கவே மாட்டாங்க. புதுப்பிக்காம சும்மா விட்டா அதவிட மோசம், மாசா மாசம் ஓடுற வாடகையா ஆகி எந்த மாசம் வேணா கெளம்பலாம்னு ஆயிடும்.

நான் இப்ப அக்ரிமெண்ட் முடிய மூணு மாசம் இருக்கும்போதே போய் உக்காந்து பேசிடுறேன், இருக்கீங்களா போறீங்களான்னு. போறேன்னா அந்த வாரமே போட்டோ எடுத்து வெச்சுக்கறேன், இருக்கேன்னா புது அக்ரிமெண்ட்டும் மே மாசத்துலயே முடியுதான்னு பாத்துட்டுதான் பேனாவ எடுக்கறேன்.