ஷேடு சண்டையில் மூன்றாமவர் போட வேண்டிய ஒரு மெசேஜ்

திருப்பூர் பனியன் கம்பெனி எதிலும் பார்க்கக்கூடிய காட்சி இது. துணியின் ஷேடு, அதாவது நிறச் சாயல், சரியா என்று ஆர்டர் குரூப்பில் பையர் தரப்பைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரும் புரொடக்ஷன் மேனேஜரும் மோதிக்கொள்கிறார்கள். மற்ற பதினைந்து பேர் படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். யாராவது ஒருவர் நல்ல எண்ணத்தில் "ரெண்டு பேரும் கொஞ்சம் அமைதியா இருங்க" என்று போடுகிறார். அதோடு சண்டை இரட்டிப்பாகிறது. இப்படிப்பட்ட நேரத்தில் மூன்றாமவர் என்ன எழுத வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சமாதானம் பேசக்கூடாது. யார் மீதும் சாயாத சொற்களில் நிலைமையைச் சொல்லி, அடுத்து நடக்க வேண்டிய ஒரே ஒரு வேலையை எழுத வேண்டும்.

ஒரு உதாரணத்தை முழுதாக எடுத்துக்கொள்வோம். நேவி ப்ளூ சிங்கிள் ஜெர்சி துணி, மூன்று டையிங் லாட், அதாவது மூன்று தடவையாகச் சாயம் போட்டது. முதல் இரண்டு லாட்டில் பிரச்சினை இல்லை. மூன்றாவது லாட், 14 ரோல், கட்டிங் செக்ஷனுக்கு வந்துவிட்டது. குரூப்பில் ஓடுவது இது:

"அண்ணா, மூணாவது லாட்டுக்கும் அப்ரூவ் ஆன ஷேடுக்கும் சம்பந்தமே இல்லைங்க. இதை எப்படி கட்டிங்குக்கு விட்டீங்க?" (கூடவே ஒரு போட்டோ.)

"நீங்க குடுத்த ஸ்வாட்ச்சைப் பாத்துத்தான் டையிங்ல போட்டாங்க. ஒரு தடவையாவது நேர்ல வந்து பாத்திருக்கலாம்."

"எல்லாத்தையும் நானே வந்து பாக்கணும்னா புரொடக்ஷன்னு ஒண்ணு எதுக்கு சார்?"

"மெயில் பாருங்க மேடம். 4ஆம் தேதியே சொல்லியாச்சு."

ஸ்வாட்ச் என்பது மாதிரித் துணித் துண்டு. நாலே மெசேஜ்தான். இதில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் படிக்கும் யாருக்கும் சூடு தெரியும். காரணம், தமிழில் குத்தல் பெரும்பாலும் சின்ன ஒட்டுகளில்தான் உட்கார்ந்திருக்கும். "தடவையாவது" என்பதில் உள்ள "ஆவது", "நீங்கள் குறைந்தபட்ச வேலைகூடச் செய்யவில்லை" என்கிறது. "4ஆம் தேதியே"வில் உள்ள "ஏ", "படிக்காமல் விட்டது நீங்கள்" என்கிறது. "சம்பந்தமே", "நானே" எல்லாம் இதே வகைதான். அழைப்பு மாறியதையும் பாருங்கள். "அண்ணா" மூன்றாவது மெசேஜில் "சார்" ஆகிவிட்டது. முதல் மெசேஜில் இருந்த "இல்லைங்க" அடுத்ததில் காணாமல் போய்விட்டது. பதிலுக்கு "மேடம்" வந்துவிட்டது. கொங்குப் பக்கத்தில் "ங்க" உதிர்ந்து மரியாதைச் சொல் ஏறினால் கோபம் ஏறியிருக்கிறது என்று பொருள். தமிழில் பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று இங்கிலீஷ் மெயிலுக்குத் தாவி முதலாளியை சிசியில் போட்டால் அது அடுத்த கட்டம். அதற்கு முன்பே நுழைந்துவிட வேண்டும்.

மெசேஜ் எழுதுவதற்கு முன் ஒரு போன் கால் வேண்டும். யாருக்கு முதலில்? பதில் சொல்ல வேண்டிய முறை யாருடையதோ அவருக்கு. இங்கே கடைசியாக எழுதியது புரொடக்ஷன் என்றால், மெர்ச்சண்டைசர் இப்போது டைப் பண்ணிக்கொண்டிருப்பார். அவரைக் கூப்பிட்டு, "இந்த லாட் விஷயத்தில் உங்களுக்கு இப்ப உறுதியா தெரிய வேண்டியது என்னங்க?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு புரொடக்ஷன் மேனேஜருக்கும் அதே கேள்வி. "ஏன்" என்று தொடங்கும் கேள்வியை இந்த இரண்டு போன் காலிலும் கேட்கவே கூடாது. "ஏன்" கேட்டால் விளக்கம் வரும், விளக்கத்துக்குள் அடுத்தவர் மீது புகார் வரும். "என்ன" கேட்டால் தகவல் வரும். ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும்.

இந்தச் சண்டையில் இருவருக்கும் இல்லாத தகவல் ஒன்று இருக்கிறது. மூன்றாவது லாட் உண்மையில் ஷேடு விலகியிருக்கிறதா, எவ்வளவு? யாரும் இன்னும் அதை முறையாகப் பார்க்கவில்லை. முறை என்றால், லைட் பாக்ஸ் என்ற விளக்குப் பெட்டிக்குள், பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 லைட்டில், பையர் ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டான லேப் டிப்போடு வைத்து, நிற வித்தியாசத்துக்கு கிரே ஸ்கேல் அளவில் எண் கொடுப்பது. எல்லாரும் பார்த்தது அந்தப் போட்டோவைத்தான். போன் கேமரா வெளிச்சத்துக்குத் தக்கபடி நிறத்தைத் தானாகவே மாற்றிக்கொள்ளும். ட்யூப்லைட் கீழே எடுத்தால் ஒரு நேவி, ஜன்னல் ஓரம் எடுத்தால் இன்னொரு நேவி. அதற்கு மேல் ஒவ்வொருவர் போன் திரையும் ஒவ்வொரு விதம். ஷேடு தகராறில் போட்டோ சாட்சியாகாது, புதுச் சண்டைக்கு விறகாகத்தான் ஆகும்.

சரி, இப்போது குரூப்பில் போட வேண்டியது:

"நேவி மூணாவது லாட், 14 ரோல், லே போட்டிருக்கு, இன்னும் வெட்டல. ஒண்ணாவது, ரெண்டாவது லாட்ல பிரச்சினை இல்ல. மூணாவது லாட் ஷேடு பத்தி ரெண்டு கருத்து இருக்கு, லைட் பாக்ஸ்ல இன்னும் பாக்கல. 14 ரோல்லயும் ஒரு ஸ்வாட்ச் எடுத்து, லேப்ல இருக்கற அப்ரூவ்டு லேப் டிப் கூட டி65 லைட்ல வெச்சுப் பாத்து, ரோல்வாரியா கிரே ஸ்கேல் ரேட்டிங்கை லேப் இன்சார்ஜ் 3 மணிக்கு இதே குரூப்ல போடுவாங்க. அதுவரைக்கும் இந்த லாட் வெட்ட வேண்டாம்."

இதில் "நீங்க" என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. "நீங்க குடுத்த ஸ்வாட்ச்", "நீங்க விட்ட லாட்" என்று எதையும் ஆளோடு கட்டவில்லை. லேப் இன்சார்ஜைத் தவிர எழுவாய் எல்லாம் துணியும் ரோலும் லாட்டும்தான். தமிழ் இதற்கு ரொம்பவும் வசதியான மொழி, ஆளைச் சொல்லாமலே வாக்கியம் முழுதாக நிற்கும். "மறுபடியும்", "ஏற்கெனவே", "எத்தனை தடவை" மூன்றும் வரவே கூடாது. அவை பழைய கணக்கைத் திறந்துவிடும். "ஷேடு தப்பா வந்த லாட்" என்று எழுதினால் ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. "ஷேடு பத்தி ரெண்டு கருத்து இருக்கு" என்பது இருவரும் மறுக்க முடியாத உண்மை. நடுநிலைச் சொல்லுக்கு நான் வைக்கும் சோதனை இதுதான்: இருவரில் யார் படித்தாலும் "ஆமாம், அப்படித்தான்" என்று சொல்லும்படி ஒவ்வொரு வாக்கியமும் இருக்க வேண்டும். ஒருவராவது "அது எப்படி?" என்று கேட்கக்கூடிய வாக்கியம் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

"ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கு" என்பதைப் பலர் நடுநிலை என்று நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட மோசமான வாக்கியம் இல்லை. கோபத்தில் இருக்கும் ஒருவருக்கு ஒரு எதிரி இருந்த இடத்தில், அந்த நொடியிலிருந்து இரண்டு எதிரிகள்.

அடுத்தது, ஏன் ஒரே ஒரு வேலை? நல்ல எண்ணத்தில் பலர் பட்டியல் போடுகிறார்கள்: லேப் செக் பண்ணட்டும், டையிங்குக்குப் போன ஸ்வாட்ச்சை எடுத்து வாருங்கள், 4ஆம் தேதி மெயிலை ஃபார்வர்டு பண்ணுங்கள், பையரிடம் பேசுங்கள். நாலு வேலையில் இரண்டு ஒரே ஆள் தலையில் விழும். விழுந்தவர் அதைத் தீர்ப்பாகத்தான் படிப்பார். மற்றவர் மெயிலை முதலில் தேடி எடுத்துப் போடுவார், ஏனென்றால் அதுதான் அவருக்குச் சாதகம். ரேட்டிங் வருவதற்குள் சண்டை மெயிலுக்கு மாறிவிடும். தனி ஒரு வேலை என்றால் காத்திருக்க ஒரே இடம்தான். வெட்ட வேண்டாம் என்பது இரண்டாவது வேலை ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. அதற்காக யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

அந்த வேலையை சண்டை போடும் இருவரில் ஒருவர் செய்யக்கூடாது, அதனால்தான் லேப் இன்சார்ஜ். அவருக்கு முன்கூட்டியே சொல்லி, 3 மணிக்கு முடியுமா என்று கேட்டுக்கொண்டுதான் குரூப்பில் நேரம் போட வேண்டும். "இன்னிக்குள்ள" என்று போட்டால் மத்தியானத்துக்குள் யாராவது "என்னாச்சு?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். முடிவு எண்ணாக வரட்டும், போட்டோவாக வேண்டாம். கிரே ஸ்கேலில் 5 என்றால் வித்தியாசமே தெரியவில்லை என்று பொருள். 4-5 வந்தால் பெரும்பாலான பையர் ஏற்பார்கள். லேப் டிப்பும் பையர் கையெழுத்துப் போட்டு லேப் ஃபைலில் இருக்கும் துண்டாகவே இருக்க வேண்டும். மெர்ச்சண்டைசர் மேசையில் இருக்கும் துண்டையோ டையிங்கில் இருக்கும் துண்டையோ வைத்துப் பார்த்தால் முடிவை அடுத்தவர் ஏற்க மாட்டார்.

போடும் விதத்திலும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கோபமான மெசேஜை ஸ்வைப் பண்ணி அதற்குப் பதிலாக எழுதாதீர்கள். அந்த வரி மேற்கோளாக மறுபடியும் மேலே வந்து நிற்கும். தனி மெசேஜாகப் போடுங்கள். அட்மின் என்பதற்காக பழைய மெசேஜ்களை அழிப்பதும், அட்மின் மட்டும் எழுதலாம் என்று குரூப்பை மூடுவதும் வேண்டாம். அழிந்த இடத்தில் என்ன இருந்தது என்று ஆளாளுக்குக் கற்பனை செய்வார்கள்.

பெரும்பாலும் இது கெடுவது 3 மணிக்குத்தான். லைட் பாக்ஸில் பல்பு போயிருக்கும், இன்சார்ஜ் வேறு ஆடிட்டில் இருப்பார், 3.20 வரை குரூப்பில் எதுவும் வராது. அந்த இருபது நிமிட மௌனத்தில் முழுச் சண்டையும் திரும்பி வரும். ஆகவே நேரம் குறித்தவர் 3.05க்குள் தானே எழுத வேண்டும்: "லேப் ரேட்டிங் இன்னும் வரல. 4.30க்கு வரும்." காரணம் எழுத வேண்டியதில்லை.

ரேட்டிங் வந்தது என்று வையுங்கள். 12 ரோல் 4-5, இரண்டு ரோல் 3-4. இப்போதும் அடுத்த வேலை ஒன்றுதான்: அந்த இரண்டு ரோலின் ஸ்வாட்ச் இன்று மாலைக்குள் பையிங் ஆபீசுக்குப் போக வேண்டும். 12 ரோல் வெட்டலாம். மறு டையிங்கா, மாற்றுத் துணியா என்பதெல்லாம் பையிங் ஆபீஸ் பதில் வந்த பிறகு.

சாயாத சொல்லில் எழுதுவது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. சாதியையோ பெண் என்பதையோ வைத்து ஒரு வரி வந்துவிட்டால் அதை "ரெண்டு கருத்து" என்று எழுதுவது அநியாயம். பாலியல் ரீதியான பேச்சுக்கு 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும், அது அங்கேதான் போக வேண்டும். இருவரில் ஒருவருக்கு மட்டும் மேலதிகாரியாக இருப்பவரும் இந்த மெசேஜை எழுதக்கூடாது. எவ்வளவு சரியாக எழுதினாலும் அது ஒரு பக்கத்துக் குரலாகத்தான் கேட்கும்.

எந்த ஸ்வாட்ச் டையிங்குக்குப் போனது, 4ஆம் தேதி மெயிலில் என்ன இருந்தது என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. அவற்றை மறைக்கச் சொல்லவில்லை, குரூப்பில் பேச வேண்டாம் என்கிறேன். இரண்டு நாள் கழித்து, காலை 10 மணிக்கு, இந்த இருவரும் லேப் இன்சார்ஜும் ஒரே மேசையில் உட்காரட்டும். மேசை மேல் லேப் டிப் ரிஜிஸ்டர் திறந்திருக்க வேண்டும்: துண்டு கொடுத்த தேதி, லேப் டிப் எண், வாங்கியவர் கையெழுத்து. கையெழுத்துக் கட்டம் காலியாக இருந்தால் பேச வேண்டியது அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றித்தான்.