கடல்பாசி எடுக்கும் அக்காவைப் பற்றி எழுதும்போது

மண்டபம், பாம்பன் பக்கம் வேலை செய்கிற தொண்டு அமைப்புகள் கடல்பாசிப் பெண்களைப் பற்றி எழுதுவதைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். வறுமையில் தவித்தார், பாசி வளர்க்க நாங்கள் மிதவை கொடுத்தோம், இன்று மாதம் இவ்வளவு சம்பாதிக்கிறார். கூடவே ஈரச் சேலையோடு கடலைப் பார்த்து நிற்கும் ஒரு படம். இந்தக் கடற்கரையில் ஒரு சின்ன அமைப்புக்கு இந்த மாதிரிக் கதைகளைச் சரிபார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. அதனால் இதை அழுத்தியே சொல்கிறேன்: அந்த அக்கா தன் தெருவில் நான்கு பேர் நடுவில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்க முடியாத கதையை நாம் வெளியிடவே கூடாது.

பெரும்பாலும் பொய் நுழைவது வருமானக் கணக்கில்தான். யாரும் வேண்டுமென்று சொல்வதில்லை. நல்லா விளைந்த ஒரு மாதத்தை எடுத்து 'மாதம்' என்று எழுதிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

சமீபத்தில் நாங்கள் எழுதிய ஒரு அக்காவின் கணக்கையே சொல்கிறேன். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரும் ஊரும் இங்கே இல்லை. பாக் நீரிணைப் பக்கம் அவருக்கு 20 மிதவை. ஒவ்வொன்றும் 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம். அதில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 துண்டு, துண்டு 150 கிராம் என்று கட்டினால் ஒரு மிதவைக்கு 60 கிலோ விதைப்பாசி ஆகிறது. 45 நாளில் அது சுமார் 250 கிலோவாக வளர்கிறது. அதில் 60 கிலோவை அடுத்த சுற்றுக்கு விதையாக எடுத்து வைத்தால் மீதி 190. பத்து கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும். ஆக ஒரு மிதவைக்குக் கையில் நிற்பது 19 கிலோ.

காய்ந்த பாசி கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 மிதவைக்கும் சேர்த்து ஒரு அறுவடையில் 22,800 ரூபாய். ஒன்றரை மாதத்தில் வந்த பணம் இது, மாதத்துக்கு 15,200 என்று வகுத்து எழுதலாம். முதல் வரைவில் அப்படித்தான் இருந்தது. கணக்கும் சரிதான். ஆனால் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாக் நீரிணையில் கடல் கொந்தளிக்கும். மிதவையைக் கரையேற்றிவிட வேண்டும், இல்லையென்றால் அலையே உடைத்துப் போட்டுவிடும். மிஞ்சுகிற மாதங்களில் அதிகபட்சம் ஐந்து அறுவடை. கோடையில் தண்ணீர் சூடேறினால் பாசி வெளுத்து, தண்டு இற்று, கயிற்றிலிருந்து கழன்று விழும். அடியில் கட்டிய வலை கிழிந்திருந்தால் ஓரா மீன் வந்து மேய்ந்துவிடும். அந்த அக்காவுக்கு ஒரு சுற்று முழுக்க அப்படிப் போனது. நான்கு அறுவடை, 91,200 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7,600. கயிறு, மூங்கில், விதை கட்ட வந்தவர்களின் கூலி எல்லாம் இதற்குள்ளேதான்.

15,200 எங்கே, 7,600 எங்கே! நாங்கள் எழுதியது இரண்டாவது எண்ணைத்தான். ஒரு சுற்று எப்படிப் போனது என்பதையும் சேர்த்தே எழுதினோம். படித்த ஒரு நன்கொடையாளர், அடிவலைக்கும் விதை இருப்புக்கும் தனியாகப் பணம் வேண்டுமா என்று கேட்டார். முதல் எண் போயிருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. இன்னொன்றும் இருக்கிறது. வரைவை வாசித்துக் காட்டியபோது அக்காவே சொன்னார்: "பதினஞ்சாயிரம்னு போட்டீகன்னா நாளைக்கே எங்க தெருவுல எல்லாரும் எங்கிட்ட கடன் கேட்டு நிப்பாக. வியாபாரிக்கிட்ட வாங்குன முன்பணத்த நான் எப்படிச் சொல்லிச் சமாளிக்க?" நம் பதிவில் ஓர் எண்ணாக இருப்பது அவருக்குத் தெருவில் பதில் சொல்ல வேண்டிய விஷயம்.

அடுத்தது, மாற்றத்துக்குக் காரணம் யார் என்பது. 'எங்கள் உதவியால்' என்று எழுதக் கை தானாகவே போகும். மிதவை வாங்கியதில் எங்கள் பங்கு இருந்தது. ஆனால் பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் பெண்களுக்குக் கிடைக்கும் 60 சதவீத மானியமும் அதில் இருந்தது. நாங்கள் போட்டது மீதியில் ஒரு பகுதி. அதை அப்படியே எழுத வேண்டும்.

அதைவிட முக்கியம், நாங்கள் வருவதற்கு முன்னால் அவர் யாராக இருந்தார் என்பது. சின்ன வயதிலிருந்து மன்னார் வளைகுடாவில் முங்கிப் பாசி எடுத்தவர். முகத்தில் கண்ணாடி, விரல்களில் பாறை அறுக்காமல் சுற்றிய துணி, இடுப்பில் பை, ஒரே மூச்சில் கீழே போய் மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்துக்கொண்டு மேலே வருவார். எந்த நீரோட்டத்தில் எந்தப் பக்கம் போகக் கூடாது என்பது அவருக்கு அத்துப்படி. பாசி மறுபடி வளரட்டும் என்று மாதத்தில் சில நாட்கள் மட்டுமே கடலில் இறங்குவதாகத் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட பெண்கள் இவர்கள். அப்படிப்பட்டவரை 'வேறு வழியறியாமல் தவித்த பெண்' என்று எழுதுவது அநியாயம். மிதவை வந்த பிறகும் அவர் முங்கிப் பாசி எடுப்பதை விடவில்லை. 7,600ஐப் பார்த்தாலே ஏன் என்று புரியும். அதையும் எழுதினோம். கதை கொஞ்சம் மங்கித்தான் போகிறது, இருக்கட்டும்.

சரி, படத்துக்கு வருவோம். இங்கே மற்ற ஊர்களில் இல்லாத ஒரு ஆபத்து இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமில்லாத கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அதற்குள் பாசி எடுக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. தலைமுறையாக எடுத்து வந்த பெண்களுக்கும் வனத்துறைக்கும் நடுவே இழுபறி இன்னும் ஓயவில்லை. இந்த நிலைமையில் பின்னால் ஒரு தீவு தெரிய, கையில் பாசிப் பையோடு, முகம் தெளிவாகத் தெரிகிற படத்தைப் போட்டு, கீழே பெயரையும் ஊரையும் எழுதினால் அது என்ன? அவருக்கு எதிரான ஆதாரத்தை நாமே தயாரித்துக் கொடுக்கிறோம். வெளியூரிலிருந்து வரும் புகைப்படக்காரருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. அவருக்கு அந்தப் படம்தான் அழகு. அதனால் படம் எடுக்கும் இடத்தை முன்கூட்டியே பேசி முடிவு செய்கிறோம். இந்தக் கதைக்கு எடுத்தது கரையில், கொட்டகை நிழலில் விதை கட்டும் கைகள். கயிற்றுச் சுருக்குக்குள் பாசித் துண்டை நுழைத்து இழுக்கும் அந்த விரல்களில் பழைய வெட்டுத் தழும்புகள் தெரிகின்றன. முகம் வேண்டாம் என்றது அவர்தான்.

சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவதை நான் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை. மிதவை கொடுத்தவர்கள் வந்து கேட்டால் முடியாது என்று யார் சொல்வார்கள்? அதனால் உதவி கொடுத்து முடித்த பிறகு, கொடுப்பதில் சம்பந்தமில்லாத ஒருவர் போய்க் கேட்கிறார். கதைக்குச் சம்மதிக்காவிட்டாலும் அடுத்த முறை உதவி நிற்காது என்று முதலில் சொல்கிறார். யார் யார் பார்ப்பார்கள் என்பதைப் போனிலேயே காட்டுகிறார்: இது வாட்ஸப்பில் சுற்றி உங்கள் மகளின் பள்ளிக்கூடம் வரை வரும், வியாபாரியும் பார்ப்பார். அப்புறம் எழுதி முடித்த கதையை முழுசாக வாசித்துக் காட்டுகிறோம்.

அந்த அக்கா இரண்டு இடத்தில் நிறுத்தினார். கணவரின் குடியைப் பற்றி ஒரு வரி இருந்தது. "அது அவரு பாடு, ஊருக்கு எதுக்கு?" என்றார், எடுத்துவிட்டோம். இன்னொன்று வியாபாரியைப் பற்றியது. விலையை அவர்தான் முடிவு செய்கிறார் என்று எழுதியிருந்தேன். அது உண்மைதான், அந்த அக்காவே சொன்னதுதான். ஆனால் அவர் கதையில் அது வந்தால் அடுத்த அறுவடையை வாங்க ஆள் இருக்காது. விலைப் பிரச்சினையை யாரையும் அடையாளம் காட்டாமல் பொதுவாகத் தனிப் பதிவாக எழுதுவதென்று வைத்துக்கொண்டோம்.

பதிவின் கீழே எந்த மாதக் கணக்கு இது என்று தேதி போட்டிருக்கிறோம். அடுத்த வருட அறுவடை முடிந்ததும் புதுக் கணக்கைச் சேர்ப்போம், குறைந்திருந்தாலும் சேர்ப்போம். அந்த அக்கா எப்போது வேண்டாம் என்றாலும் காரணம் கேட்காமல் எடுத்துவிடுவோம், அதற்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற நம்பர் அவர் போனில் இருக்கிறது.