ஆமாம், நான் கொடுத்தது ஊக்குதான்

கல்யாணத்துக்கு முன் தோழிகள் சேர்ந்து வைத்த பார்ட்டியின் வீடியோவை இதற்குள் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம். பலூன், தோளில் ஒரு பளபளப்புப் பட்டை, கேக், நடுவில் கல்யாணப் பெண் உட்கார்ந்து ஒவ்வொரு பரிசாகப் பிரிக்கிறாள். இரண்டாவது நிமிடத்தில் ஒரு சிவப்புத் துணிப்பை வரும். அதிலிருந்து ஒரு கொத்து ஊக்கை எடுத்து ஆட்டிக் காட்ட, "அக்கா தையல் கடையையே தூக்கிட்டு வந்துட்டாங்கப்பா!" என்று ஒரு குரல். அறையே சிரிக்கிறது. அந்த அக்கா நான்தான்.

சிரித்ததற்காக இதை எழுதவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான். ஆனால் கீழே வந்த கமெண்டுகளில் "கல்யாணப் பொண்ணுக்கு இதெல்லாமா குடுப்பாங்க" என்று ஒரு பத்துப் பேர் கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அவர்களுக்குப் பதில் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

இதைத்தான் கொடுப்பார்கள். தோழிகள் என்றால் இதைத்தான் கொடுக்க வேண்டும்.

அன்று வந்த மற்றப் பரிசுகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரே கடையில் எடுத்தது போல மூன்று போட்டோ பிரேம். பெயர் பொறித்த சுவர்க் கடிகாரம் ஒன்று. நாலடி உயரத்தில் ஒரு கரடி பொம்மை. பெண்ணுக்கு வயது 29. போகப்போவது மாமனார், மாமியார், கொழுந்தனோடு இரண்டு படுக்கையறை வீட்டுக்கு. கரடி எந்த அறையில் படுக்கும் என்று யாரும் கேட்கவில்லை. அதைப் பார்த்து யாரும் சிரிக்கவும் இல்லை. கரடியை எந்தப் பெண்ணுக்கும் கொடுத்துவிடலாம். என் பையை இன்னொரு பெண்ணுக்குக் கொடுக்க முடியாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், ஆனாலும் விளக்கமாகச் சொல்கிறேன்.

முகூர்த்தம் காலை 4:30 முதல் 6 வரை. அப்படியென்றால் பெண் ஒன்றரை மணிக்கு எழுந்தாக வேண்டும். மூன்று மணிக்கு மேல் அந்த அறையில் எல்லோரும் எதையாவது தேடிக்கொண்டிருப்பார்கள். சித்தி பூவைத் தேடுவார், அம்மா சாவியைத் தேடுவார், ஐயர் வெளியே நின்று பெண்ணையே தேடுவார். அந்த நேரத்தில் ரவிக்கைக் கொக்கி ஒன்று பிய்ந்தால் ஊசியில் நூல் கோக்கக் கண் தெரிகிற ஆள் இருக்க மாட்டார். அதனால்தான் பையில் நான்கு ஊசிகளில் முன்கூட்டியே நூல் கோத்து, முடிச்சும் போட்டு ஒரு அட்டையில் குத்தி வைத்திருந்தேன். கூரைப்புடவை ரவிக்கைக்கு அரக்கு, வரவேற்பு ரவிக்கைக்குக் கிளிப்பச்சை, பிறகு கறுப்பு, வெள்ளை. ரவிக்கை நிறம் எனக்கு எப்படித் தெரியும்? துணி எடுக்கக் கூடப் போனவள் நான்.

வீடியோவில் ஆட்டிக் காட்டினார்களே, அந்த ஊக்குகளை யாராவது உற்றுப் பார்த்தீர்களா? ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய முத்துமணி கோத்திருக்கும். அலங்காரத்துக்கு இல்லை. ஊக்கின் அடியில் கம்பி சுருண்டு ஒரு வளையம் இருக்கிறதே, பட்டு நூலும் சரிகையும் போய் மாட்டிக்கொள்வது அங்கேதான். அவசரத்தில் இழுத்தால் ஒரு இழையோடு வந்துவிடும், தோளில் வரி விழும். மணியை வளையம் வரை தள்ளிவிட்டால் துணி அங்கே போகாது. இன்னொன்று, தோளில் மடிப்பைக் குத்தும்போது ரவிக்கையின் உள்பக்கம் ஒரு துண்டுப் பருத்தித் துணியை வைத்து அதையும் சேர்த்துக் குத்த வேண்டும். புடவையின் கனம் முழுக்க அந்த ஒரு துளையில் தொங்காது. அந்தத் துண்டுகளையும் வெட்டி வைத்திருந்தேன். வீடியோவில் அது "கிழிஞ்ச துணி" ஆகிவிட்டது.

இனி அந்த நகச்சாயப் புட்டி. "ஒரு கலர்கூட இல்ல, வெறும் தண்ணி மாதிரி" என்றீர்கள். நிறமில்லாததுதான் வேண்டும். இந்தப் பெண்ணுக்குக் கவரிங் ஒத்துக்கொள்ளாது. இரண்டு வருடத்துக்கு முன் அலுவலகப் பொங்கலுக்கு ஒரு கவரிங் அட்டிகை போட்டு வந்தாள். மதியச் சாப்பாட்டுக்குள் கழுத்தைச் சுற்றிச் சிவந்து, மாலையில் தடித்து, ஒரு வாரம் துப்பட்டாவால் மூடிக்கொண்டு திரிந்தாள். பெரும்பாலும் அந்த உலோகக் கலவையில் இருக்கும் நிக்கல் செய்கிற வேலை அது. இப்போது கல்யாணத்துக்கு எடுத்திருப்பது வாடகை டெம்பிள் செட். நெற்றிச்சுட்டியில் ஆரம்பித்து ஒட்டியாணம் வரை. வாடகைக் கடையில் போய் இதில் நிக்கல் இருக்கிறதா என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

அதற்குத்தான் அந்தப் புட்டி. நகையின் பின்பக்கம், தோலில் படுகிற இடம், முக்கியமாகக் கொக்கியும் வளையமும். ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு, இரவு முழுக்க ஆற விட வேண்டும். வியர்வை பட்டால் உரிந்துவிடும், எப்போதைக்கும் தாங்காது, ஆனால் முகூர்த்தத்தைத் தாண்டிவிடும். முதலில் வாடகைக் கடையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். நாலைந்து நாள் முன்னால் ஒரு மணி நேரம் போட்டும் பார்க்க வேண்டும். அரித்தால் உடனே கழற்றிவிட்டு அம்மாவின் தங்கச் சங்கிலியோடு நிற்கலாம், மானம் ஒன்றும் போகாது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி புட்டியில் சுற்றியிருந்தேன். அந்தத் தாள் வீடியோவில் கேக்குக்கு அடியில் கிடக்கிறது.

"மேக்கப் போடுறவங்களே எல்லாம் கொண்டு வருவாங்களே" என்று ஒருவர். கொண்டு வருவார்கள். அவர்களிடம் ஊக்கு இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கொண்டை போட்டு முடித்ததும் அவர்கள் அடுத்த மண்டபத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். மாலை மாற்றும்போது தையல் விட்டால் கூட நிற்பது யார்? அவளுடைய பொங்கல் தடிப்பு அவர்களுக்குத் தெரியுமா?

"கூர்மையானதைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துவிடும்" என்று இன்னொருவர். விளக்கு வைத்த பிறகு ஊசி கொடுக்கக் கூடாது என்று என் பாட்டியும் சொல்வார். நான் கொடுத்தது பகல் பதினொரு மணிக்கு.

"பணம் வைத்துக் கொடுத்தால் அவளே வாங்கிக்கொள்வாளே" என்பவர்களுக்கு: நியாயம்தான். மொய்க் கவர் தனியாக உண்டு, மண்டபத்தில் எழுதுவேன்.

நாப்கினும் கறுப்பு உள்ளாடையும் வெளியே வந்தபோது எல்லோரும் ஒரு மாதிரி அமைதியானீர்களே, அதுதான் எனக்குப் புரியவே இல்லை. ஆண்கள் இருந்த கூட்டமும் இல்லை அது. முகூர்த்த நாளை ஜோசியரும் மண்டபத்துக்காரரும் சேர்ந்து குறிக்கிறார்கள். பெண்ணின் தேதியை யார் கேட்கிறார்கள்? தள்ளிப்போடும் மாத்திரையை வழக்கமாக எதிர்பார்க்கிற தேதிக்கு மூன்று நாள் முன்னாலிருந்தே எடுக்கச் சொல்வார்கள். அதுவும் டாக்டரைப் பார்த்துத்தான், எல்லோருக்கும் ஒத்துவராது. பந்தக்கால் நட்ட பிறகு ஞாபகம் வந்தால் பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். இதை ஒரு மாதத்துக்கு முன்பே அவளிடம் கேட்ட ஒரே ஆள் நான். இதற்கு மேல் சொல்லிக் காட்ட விரும்பவில்லை. சொல்லிக் காட்டிவிட்டேன், தெரிகிறது.

என் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் என் விடுதித் தோழி ஒருத்தி வந்தாள். கையில் ஒரு பழைய ஜவுளிக்கடைக் கட்டைப்பை. உள்ளே இரண்டு பருத்தி நைட்டி. பிரித்துப் பார்த்தால் புதுத் துணி வாசனையே இல்லை, சோப்பு வாசனை. எனக்குச் சுருக்கென்றது, போட்டதைக் கொடுக்கிறாளோ என்று. "மூணு தடவ துவைச்சுட்டேன்டி. கஞ்சி போயிடுச்சு, சாயமும் இனி விடாது. புது வீட்டுல மொத நாளே ஒன் நைட்டி சாயம் அவங்க வேட்டில ஏறிடக் கூடாதுல்ல" என்றாள். அதோடு பக்கவாட்டில் பை வைத்துத் தைத்திருந்தாள், போன் வைக்க. கழுத்து எனக்குப் பிடித்த அளவு, கை எனக்குப் பிடித்த நீளம். போய் இறங்கிய வீட்டில் எனக்குத் தெரிந்த பொருள் என்று அந்த இரண்டு நைட்டிகள்தான் இருந்தன. அந்த வாரம் முழுக்க அதில்தான் அழுதேன், அதில்தான் தூங்கினேன்.

முகூர்த்தத்தன்று இன்னொன்று. புடவை கட்டப் போகிற நேரத்தில் உள்பாவாடை நாடாவின் ஒரு முனை உள்ளே போய்விட்டது. ஐந்து பெண்கள் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அவள் பேசாமல் தன் தாலிச்சங்கிலியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, நாடா முனையில் குத்தி, மடிப்புக்குள் விட்டுத் தள்ளித் தள்ளி மறுபக்கம் எடுத்தாள். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அன்று எனக்கு வந்த இருபத்து மூன்று குங்குமச்சிமிழ்களில் ஒன்றுகூட இன்று எங்கே என்று தெரியாது. அந்த ஊக்கு என்னிடம் இருக்கிறது. ஆகவே எனக்கு முன்னால் ஊக்கைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

"அப்போ நாங்க என்னதான் வாங்கணும்?" என்று கோபமாகக் கேட்டவருக்கு. வாங்கவே வேண்டாம். பத்து ரூபாய்க் கோப்பு ஒன்றில் கல்யாணப் பத்திரிகை நாலு எடுத்து ஒளித்து வையுங்கள். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி கல்யாணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும், 90 நாளுக்குள். அலுவலகத்தில் பத்திரிகை கேட்பார்கள். ஆயிரம் அடித்த வீட்டில் அன்றைக்கு ஒன்று இருக்காது. அவளுடைய ஆதார் நகல், வயதுச் சான்று, பாஸ்போர்ட் அளவு போட்டோ எல்லாம் அம்மா வீட்டுப் பீரோவில் இருக்கும், சாவி அப்பாவிடம் இருக்கும். அந்தக் கோப்பைக் கொண்டுவந்திருந்தால் நானே எழுந்து கை தட்டியிருப்பேன்.

வயதாகிவிட்டது அக்காவுக்கு, கொண்டாட்டம் புரியவில்லை என்று ஒரு ஸ்டேட்டஸ் போனதையும் பார்த்தேன். எனக்கு 41. பலூன் ஊதியவர்களில் நானும் ஒருத்தி. வீடியோவில் அது வராது.

உண்மையைச் சொன்னால், அந்தக் குரல் யாருடையது என்பதைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை. பெண்ணும் சிரித்தாள், அதுதான். வாயைப் பொத்திக்கொண்டு, கேமராவைப் பார்த்து. கூட்டத்தில் எல்லோரும் சிரிக்கும்போது வேறென்ன செய்வாள் என்று எனக்கு நானே நூறு முறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் அந்த ஹாலில் இருந்து போன். கூட்டிப் பெருக்கும் அம்மா, "பலூன் மூட்டையில ஒரு செவப்புப் பை கெடந்துச்சு கண்ணு, உள்ள உங்க நம்பர் எழுதின சீட்டு இருந்துச்சு" என்றார். கரடியைப் பத்திரமாகக் காரில் ஏற்றியிருக்கிறார்கள். பை மறந்துபோயிருக்கிறது. போய் வாங்கி வந்தேன். புட்டி உடையவில்லை, ஊக்குகள் எண்ணிக்கை சரியாக இருக்கிறது.

முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணிக்கெல்லாம் பையோடு மண்டபத்தில் இருப்பேன். அட்டையில் கோத்து வைத்த நூல் மட்டும் யாரோ இழுத்ததில் நாலு நிறமும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கிறது. பச்சையைப் பிரித்துவிட்டேன். அரக்குதான் இன்னும் வரவில்லை.