ஒன்பது ஊர்ப் பால், ஒரே அளவுகோல்

பென்னாகரம் பக்கம் ஒன்பது ஊர்களில் பால் எடுக்கும் ஒரு சொசைட்டிக்குக் கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன். கோடையில் எந்த ஊரில் பால் எவ்வளவு இறங்கியது என்பதுதான் கேள்வி. முதலில் ஒன்பது ஊரையும் ஒரே வரைபடத்தில் ஒன்பது கோடாகப் போட்டேன், சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி எது எந்த ஊர் என்றே தெரியவில்லை. அதனால் ஊருக்கு ஒன்றாக ஒன்பது குட்டி வரைபடங்களை மூன்றுக்கு மூன்றாக ஒரே தாளில் அடுக்கினேன். ஸ்மால் மல்டிபிள்ஸ் என்பார்கள், எட்வர்ட் டஃப்டி பிரபலமாக்கிய பெயர்.

தாளைக் கூட்டத்தில் கொடுத்ததும் ஏரிக்கரை ஊர் சென்டரில் பால் அளக்கும் அக்கா பிடித்துக்கொண்டார். "தம்பி, எங்களுக்குப் பன்னெண்டு லிட்டர்தான குறைஞ்சுது? நீ என்னமோ பள்ளத்துல விழுந்த மாதிரி போட்டு வெச்சிருக்க?"

அவர் சொன்னதுதான் சரி. அந்த ஊரில் ஜனவரியில் ஒரு நாளைக்கு 240 லிட்டர், மே மாதத்தில் 228. ஏரியில் கொஞ்சம் தண்ணீர் இருந்ததால் பசுந்தீவனம் கிடைத்து, கோடையைத் தாங்கிவிட்ட ஊர் அது. பெரிய சென்டரிலோ 820 லிட்டர் 640க்கு வந்துவிட்டது. ஆனால் என் தாளில் இரண்டு கோடும் மேல் மூலையில் தொடங்கிக் கீழ் மூலைக்குச் சரிந்தன. காரணம் சின்னது. ஒவ்வொரு படத்துக்கும் நிமிர்ந்த அச்சின் அளவை மென்பொருள் தனித்தனியாக முடிவு செய்திருந்தது. ஏரிக்கரை ஊருக்கு 225 முதல் 240, பெரிய சென்டருக்கு 620 முதல் 840. பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கும் படங்களைப் பார்க்கிறவர் ஓரத்தில் இருக்கும் எண்ணைப் படிப்பதில்லை, கோட்டின் சரிவைத்தான் பார்ப்பார். அளவு வேறு வேறாக இருந்தால் அவர் கண் பொய்யைத்தான் ஒப்பிடும்.

இதில் கவனமாக இருக்கணும், ஏனென்றால் ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு மாதிரி. ஆர் மொழியில் ggplot2 தொகுப்பின் `facet_wrap` சும்மா விட்டாலே எல்லாப் படத்துக்கும் ஒரே அளவுதான் போடும். பைத்தானில் பாண்டாஸ் அப்படியில்லை, நாமாகச் சொல்லணும்:

```python
df.plot(subplots=True, layout=(3, 3), sharey=True)
```

எக்செலில் ஒரு செல்லுக்குள் போடும் குட்டி வரைபடமான ஸ்பார்க்லைனிலும் தானாக வருவது தனித்தனி அளவுதான். Axis என்ற இடத்தில் கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் இரண்டு இடத்திலும் `Same for All Sparklines` என்று மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் படம் இன்னும் குழப்பும்.

சரி, 0 முதல் 900 வரை ஒரே அளவு வைத்தேன். பெரிய சென்டரின் இறக்கம் தெளிவாகத் தெரிந்தது, ஏரிக்கரை ஊர் கிட்டத்தட்ட நேர்கோடு. ஆனால் மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர், 70 லிட்டர் 56 ஆகிவிட்டது. ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது, அந்த ஊர்க்காரர்களுக்கு அது பெரிய அடி. என் தாளிலோ அது தரையோடு ஒட்டிய கோடு. ஊர்களின் அளவு பத்து மடங்குக்கு மேல் வித்தியாசப்பட்டால் பொது அளவுகோல் சின்னவர்களை அமுக்கிவிடும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் திரும்பத் தனித்தனி அளவுக்கே போய்விடுகிறார்கள், அது தப்பு.

நான் இரண்டு தாளாகப் பிரித்தேன். முதல் தாள் லிட்டரில்: வண்டி எத்தனை கேன் ஏற்றணும் என்று பார்க்கிறவருக்கு அதுதான் வேண்டும். இரண்டாவது தாளில் ஒவ்வொரு ஊரின் ஜனவரி அளவையும் 100 என்று வைத்துக்கொண்டு, ஒன்பது படத்துக்கும் 70 முதல் 110 வரை ஒரே அளவு. இப்போது பெரிய சென்டர் 78, மலையடிவார ஊர் 80, ஏரிக்கரை 95. தீவனம் எங்கே முதலில் போகணும் என்பதற்கு இந்தத் தாள்தான் பதில். இதிலும் ஒன்று உண்டு, ஜனவரியில் ஒரு ஊரில் மட்டும் பால் வழக்கத்துக்கு மீறி வந்திருந்தால் அந்த ஊர்க் கோடு முழுக்கத் தாழ்ந்தே தெரியும். அதனால் அடுத்த முறை நவம்பர் முதல் ஜனவரி வரை மூன்று மாதச் சராசரியை 100 ஆக வைக்கப்போகிறேன்.

அப்புறம் கிடைமட்ட அச்சு. ஒரு சென்டர் மார்ச்சில்தான் தொடங்கியது, அதனால் இரண்டாவது தாளில் அதற்கு மட்டும் மார்ச் அளவுதான் 100. அதன் கோட்டை மூன்று மாதத்தை முழு அகலத்துக்கு இழுத்துப் போடாமல், முதல் இரண்டு மாதத்தைக் காலியாகவே விட்டேன். ஒவ்வொரு படத்திலும் மற்ற எட்டு ஊர்க் கோடுகளையும் மங்கலான சாம்பல் நிறத்தில் பின்னால் போட்டு, அந்த ஊர்க் கோட்டை மட்டும் அடர்த்தியாக வைத்தேன். ஊர்களை அகர வரிசையில் வைக்காமல் அதிகம் இறங்கிய ஊரை முதலில் வைத்தேன்.

இரண்டாவது தாளில் அக்காவின் ஊர் இப்போது கடைசிக் கட்டத்தில் இருக்கிறது, எட்டு சாம்பல் கோட்டுக்கும் மேலே.