பேப்பரை நிறுத்துவதற்கு முன்

முப்பது வருடமாக வந்துகொண்டிருந்த பேப்பரை 2025 ஜூனில் நிறுத்தினோம். அப்பாவுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. பெரிய எழுத்துத் தலைப்புகூடத் தெரியவில்லை. பிரிக்காத பேப்பர் திண்ணையில் குவிவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

பலர் செய்வது போல, காலையில் வரும் பையனிடம் "நாளையிலிருந்து வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிடாதீர்கள். அவன் மறந்துபோவான், அடுத்த மாத பில்லில் சண்டை வரும். நான் 18ஆம் தேதி மாலை பாளையங்கோட்டையில் ஏஜென்டின் கடைக்கே போனேன். "நாளைக்கு உள்ளதுக்கு எண்ணிக்கை சொல்லியாச்சும்மா. 20லருந்து நிறுத்திக்கிடுதேன்" என்றார். வேண்டிய பிரதிகளை அவர் பத்திரிகைக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மிஞ்சுவதை அவரிடமிருந்து அவர்கள் திருப்பி எடுப்பதில்லையாம். எட்டு ரூபாய் பேப்பரில் அவருக்கு நிற்பது இரண்டு ரூபாய்தானாம். ஒரு பேப்பர் விற்காமல் போனால் ஆறு ரூபாய் கையை விட்டுப் போகும், மூன்று பேப்பர் போட்ட கமிஷன் அதோடு சரி. அதனால்தான் இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள் என்கிறேன்.

கணக்கை அன்றைக்கே முடித்தோம். 19ஆம் தேதி வரை ஞாயிறு மூன்று, பத்து ரூபாய் வீதம் 30. மற்ற நாள் பதினாறு. ஆனால் 11ஆம் தேதி பேப்பர் வரவில்லை. அப்பா காலண்டரில் அந்தக் கட்டத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட வைத்திருந்தார், எத்தனையோ வருடப் பழக்கம். காலண்டரைப் போட்டோ எடுத்துப் போயிருந்தேன். ஏஜென்ட் பார்த்தார், மறு பேச்சில்லாமல் ஒரு நாளைக் கழித்துக்கொண்டார். பதினைந்து நாளுக்கு 120. வியாழக்கிழமை வார இதழ் மூன்று, 90. ஆக 240.

வீட்டில் போடும் கூலி மாதம் 30. முழு மாதம் இல்லையே, 20 போதும் என்றார் அவர். நான் முழுதாகவே கொடுத்தேன். மழையில் பாலிதீன் உறை சுற்றி, கேட்டைத் தாண்டித் திண்ணையில் விழும்படி எறிந்த கைக்குப் பத்து ரூபாயைக் குறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மே மாத பாக்கி 436ஐயும் சேர்த்து 706 கொடுத்தேன். பில் புத்தகத்தில் "19 வரை பைசல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அதை மட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு ஒரு பாக்கி கிளம்பினால் காட்ட வேறு எதுவும் இருக்காது.

ஒரு வருடச் சந்தாவைப் பத்திரிகைக்கே நேரடியாகக் கட்டியிருந்தால் கதை வேறு. மீதிப் பணத்தை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஏஜென்டுக்குக் கூலி மட்டும் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தால் போதும்.

20ஆம் தேதி காலையில் பேப்பர் வந்து கிடந்தது. அன்று வேறொரு பையன் வந்திருக்கிறான். பிரிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு ஆறரைக்கே கடைக்குப் போனேன். "அண்ணாச்சி, இது தப்பி வந்துட்டு" என்றேன். அவர் மடிப்பைத் தடவிப் பார்த்து வாசலில் இருந்த அடுக்கின் மேல் வைத்தார். பக்கத்தில் பால் வாங்கிவிட்டுத் திரும்பும்போது அது விற்றிருந்தது.