லைன் இறங்கினால் ஃபிக்ஸிங்காம்!

ஞாயிற்றுக்கிழமை மேட்சைப் பற்றிப் பேசவே கூடாது என்றுதான் இருந்தேன். விட மாட்டேன் என்கிறீர்கள். முதல் ஆறு ஓவரில் எத்தனை ரன் வரும் என்று பந்தயம் கட்டுகிற செஷன் லைன் டாஸுக்கு முன்னால் 52-ல் நின்றதாம், டாஸ் முடிந்ததும் 46–48க்கு இறங்கிவிட்டதாம், ஆகவே ஃபிக்ஸிங்காம். ஸ்கிரீன்ஷாட்டில் சிவப்பு வட்டம் வேறு. வட்டம் போட்ட நேரத்தில் பிளேயிங் லெவனை ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

லைன் இறங்கக் காரணம் டீம் ஷீட். அந்த 52 என்பது வழக்கமான ஓப்பனர் ஆடுவார், எதிரணியில் வழக்கமான இருவர் புதுப் பந்தை எடுப்பார்கள் என்று வைத்துப் போட்ட எண். அந்த அதிரடி ஓப்பனர் அன்றைக்கு லெவனிலேயே இல்லை. அவர் இடத்தில் நின்று நிதானித்து ஆடுகிறவர் வந்தார். எதிரணியில் காயத்திலிருந்து திரும்பிய இடக்கை ஸ்விங் பௌலர் சேர்ந்தார். இத்தனை மாறிய பிறகும் லைன் 52-லேயே நின்றிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். பவர்பிளேயில் மட்டும் எடுத்த ஸ்ட்ரைக் ரேட்டைப் பாருங்கள். மொத்த கரியர் எண் இங்கே உதவாது. வட்டத்துக்கு வெளியே இரண்டே ஃபீல்டர் நிற்கும்போது ஆடுவது வேறு ஆட்டம். இல்லாமல் போனவருக்கு 160, வந்தவருக்கு 125 என்று வையுங்கள். 36 பந்தில் ஒரு ஓப்பனருக்குச் சரிபாதியான 18 கிடைக்காது, சீக்கிரம் அவுட்டாகும் நாள்களும் உண்டே. சராசரியாக 15 என்று எடுத்தால், நூறு பந்துக்கு 35 ரன் வித்தியாசம் 15 பந்தில் 5 ரன்னுக்குச் சற்று மேல். சில இன்னிங்ஸ்களை மட்டும் வைத்து வந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது, அதனால் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து மூன்றரை ரன் என்று வைக்கிறேன்.

அடுத்தது பௌலர். பழையவர் பவர்பிளேயில் ஓவருக்கு எட்டரை கொடுப்பவர், புதியவர் ஆறரை. இரண்டு ஓவருக்கு நான்கு ரன். இங்கே பாதியைக் கழிக்கிறேன், ஏனென்றால் பௌலரின் எகானமியில் லெக் பை சேராது, செஷனில் சேரும். காயத்திலிருந்து வந்தவருக்குப் பழைய வேகம் இருக்குமா என்பதும் தெரியாது. ஆக இரண்டு ரன். 52-லிருந்து மூன்றரை, இரண்டு போனால் நாற்பத்தாறரை. லைன் எங்கே நின்றது? 46–48. இதற்கு எந்தச் சதி வேண்டும்?

“அப்புறம் எப்படி 58 அடித்தார்கள்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார், ஏதோ பிடித்துவிட்ட மாதிரி. ஐயா, லைன் என்பது பாதி நாள் மேலே, பாதி நாள் கீழே போகும் நடு எண். ஆறு ஓவரில் பத்துப் பன்னிரண்டு ரன் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போவது சாதாரணம். முதல் ஓவரிலேயே ஸ்விங் இல்லை என்று தெரிந்துவிட்டது. கேப்டன் அந்த இடக்கை பௌலருக்கு இரண்டாவது ஓவரே தரவில்லை. நான் கழித்த இரண்டு ரன் அங்கேயே செத்தது. பௌலிங் வரிசையை யாரும் முன்கூட்டி அறிவிப்பதில்லை. பந்து யார் கைக்குப் போகிறது என்று தெரியும்போது லைன் மறுபடி நகரும். அன்றைக்கும் நகர்ந்தது, மேலே. அதற்கு மட்டும் ஏன் சிவப்பு வட்டம் இல்லை?

“ஃபிக்ஸிங்கே நடந்ததில்லையா?” நடந்திருக்கிறது. 2010 லார்ட்ஸ் டெஸ்டில் சொல்லிவைத்து நோ பால் போட்டார்கள், மறு வருடம் மூன்று வீரர்கள் லண்டனில் சிறைக்குப் போனார்கள். அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு பத்திரிகையின் ரகசிய வீடியோ. டீம் ஷீட் வந்ததும் ஐந்து ரன் இறங்கிய லைன் எதையும் காட்டிக்கொடுக்காது. டீம் ஷீட்டிலும் மாற்றமில்லை, மழையில்லை, பிட்ச் செய்தியில்லை, லைன் மட்டும் விழுகிறது என்றால் வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.

இதையெல்லாம் எழுதினால் எனக்குக் கிடைக்கிற பட்டம் “புக்கியின் ஆள்”. சரி, புக்கியின் ஆள் ஒன்று சொல்கிறேன். 46–48 என்றால் ‘நோ’ ஜெயிக்க 45 அல்லது அதற்குக் கீழே வேண்டும், ‘யெஸ்’ ஜெயிக்க 48 அல்லது அதற்கு மேலே. 46, 47 வந்தால் இரண்டு பக்கமும் காலி. அந்த இரண்டு எண்ணும் சேர்ந்து நூறில் ஆறேழு தடவை வரும். நடு எண்ணை மிகச் சரியாகக் கணித்தவனும் அந்த இடைவெளியில் தோற்றுக்கொண்டேதான் இருப்பான். உங்கள் பணம் அங்கே போகிறது, வெளிச்சத்தில், திரையிலேயே எழுதிவைத்து. அதை விட்டுவிட்டு டிரெஸ்ஸிங் ரூமில் தேடுகிறீர்கள். இதே ஆள்கள்தான் இன்பாக்ஸில் வந்து “அடுத்த மேட்ச் செஷன் உறுதியா சொல்லுங்க அண்ணே” என்கிறார்கள். உறுதியாகச் சொல்கிறவரிடமே கேளுங்கள். அவர் போன வாரம் சொன்னதில் எத்தனை பதிவை அழித்தார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.